தீர்மானம் எழுதும்போது

குடியிருப்புச் சங்கத் தீர்மானப் புத்தகங்களில் அடிக்கடி காணப்படும் வரி: “மோட்டார் மாற்றுவது பற்றி விவாதித்து ஏற்கப்பட்டது.” ஏற்கப்பட்டது விவாதமா, செலவா? தணிக்கையாளர் கேட்டால் பதில் இருக்காது.

அதையே இப்படி எழுதலாம்: “பழுதான ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மாற்ற, பொது நிதியிலிருந்து ரூ.60,000-க்கு மிகாமல் செலவிடச் செயலாளருக்கு அதிகாரம் அளித்துத் தீர்மானிக்கப்படுகிறது.” யார், எதை, எவ்வளவில், எந்த நிதியில் என்பதெல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. விவாதம் இதற்கு மேலே தனிப் பத்தியாக நிற்க வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டிருந்தால், திருத்திய வாசகமே தீர்மானமாகப் பதிவாகும்.

அடுத்த வரிகளில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என இருவரின் முழுப்பெயரும் வீட்டு எண்ணும் வரும். “செல்வம்” என்று மட்டும் எழுதினால், சங்கத்தில் மூன்று செல்வம் இருக்கும்போது சிக்கல்தான்.

பிறகு வாக்கு: “வந்திருந்தோர் 31, ஆதரவு 18, எதிர்ப்பு 9, நடுநிலை 4. தீர்மானம் நிறைவேறியது.” ஒருவர் எதிர்த்திருந்தாலும் “ஏகமனதாக” என்று எழுதுவது பொய்ப்பதிவு. நடுநிலையைத் தனியே காட்டுவதற்கும் காரணம் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. நடுநிலை கணக்கில் சேராது. ஒரு நிறுவனத்தின் சிறப்புத் தீர்மானத்தில் இதே வாக்குகள் விழுந்திருந்தால், 9 எதிர்ப்புக்கு 27 ஆதரவு தேவை. 18 போதாது, தீர்மானம் தோற்றிருக்கும்.