குந்தினால் தணியும், எழுந்தால் ஓங்கும் இதய ஒலி

ஓடும்போது மயக்கம் வருகிறது என்று 20 வயது இளைஞர் ஒருவர் மருத்துவரிடம் வருவதாக வைத்துக்கொள்வோம். மார்பெலும்பின் இடது ஓரத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், 'லப்'புக்கும் 'டப்'புக்கும் நடுவே சொரசொரவென்று ஓர் இரைச்சல் கேட்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் மர்மர் என்கிறார்கள். ரத்தம் வெளியேறும் வழி குறுகியிருக்கலாம். குறுகியது அயோர்ட்டிக் வால்வா, அதற்குக் கீழே தடித்துப்போன இதயத் தசையா?

இளைஞரைக் குத்தவைத்து உட்காரச் சொல்கிறார் மருத்துவர். கால்களில் தேங்கிய ரத்தம் மேலேறி, இதயத்தின் இடது கீழறை நன்றாக நிரம்புகிறது. அரை நிமிடம் கழித்து எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. அறை நிரம்புவது குறைகிறது. மூச்சை அடக்கி முக்கினாலும் அப்படித்தான். மார்புக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும்.

வால்வு சுருங்கியிருந்தால் அதன் துளை மாறாது. அதிக ரத்தம் பாய்ந்தால் இரைச்சல் கூடும். எழுந்து நின்றால் தணியும். தசைத் தடிப்பில் கதை தலைகீழ். அறை நிரம்பியிருக்கும்போது தடித்த தசைச் சுவரும் மைட்ரல் வால்வின் இதழும் விலகி நிற்பதால் வழி அகலும், ஒலி தணியும். ரத்தம் குறைந்தால் இரண்டும் நெருங்கி வழியை அடைக்கும், ஒலி ஓங்கும்.

மைட்ரல் வால்வின் இதழ் தளர்ந்து பின்னோக்கிப் பிதுங்கும் நோயிலும் எழுந்து நிற்கும்போது இரைச்சல் நீளும். ஆனால் அது இதய முனையில் நன்றாகக் கேட்கும். அதற்கு முன்னால் 'கிளிக்' என்றொரு ஒலியும் எழும். நின்றால் அந்தக் கிளிக் முந்திவரும், குந்தினால் பிந்தும்.

எழுந்தவுடன் வரும் சில துடிப்புகளிலேயே மாற்றம் தெரிந்துவிடும் என்பதால், ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமல் கேட்க வேண்டும். முக்கும்போது கழுத்துச் சிரைகள் புடைக்காவிட்டால் முக்கியது போதவில்லை என்று பொருள். முக்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டாக வேண்டும். மூச்சை விட்டபின் ரத்த ஓட்டம் மாறிவிடும்.

1988இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தசைத் தடிப்பு உள்ளவர்களில் 95 சதவீதத்தினருக்கு எழுந்தபோது ஒலி ஓங்கியது. முக்கியபோது ஓங்கியது 65 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் மற்ற நோயாளிகளுக்கு முக்கும்போது ஒலி ஓங்குவது மிக அரிதாக இருந்தது. அதனால் ஓங்கினால் அது வலுவான தடயம்; ஓங்காததை வைத்து நோய் இல்லையென்று சொல்ல முடியாது.

நம் இளைஞருக்கு எழுந்ததும் ஒலி ஓங்கினால் எக்கோ எடுக்க வேண்டும். அதுவரை ஓட்டமும் விளையாட்டும் கூடாது. இந்த அடைப்பு, படுத்திருக்கும்போது எக்கோவில் தெரியாமலே போகலாம். ஆகவே எக்கோ கேட்கும் சீட்டில் 'நின்றபோது மர்மர் ஓங்கியது' என்று எழுதி, முக்கவைத்தும் அளக்கச் சொல்ல வேண்டும்.