கணக்கும் சரக்கும் – 14: பில் விருதுநகருக்கு, மூட்டை மட்டாஞ்சேரிக்கு

கொச்சி தோப்பும்படியில் குடோன் வைத்திருக்கும் ஒரு மிளகு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். விருதுநகரிலிருந்து ஒரு மண்டிக்காரர் போன் செய்கிறார். "பத்து மூட்டை போடுங்க அண்ணாச்சி. சரக்கு எனக்கு வர வேண்டாம். மட்டாஞ்சேரியிலே நம்ம பார்ட்டி ஒருத்தர் மசாலா அரைக்கிறார், அவர் கடையில இறக்கிடுங்க. பில்லை மட்டும் என் பேருக்குப் போடுங்க." மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் சரக்கின் மதிப்பு 3,00,000 ரூபாய். மிளகுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆக, வரி 15,000 ரூபாய்.

வரித் தொகையில் குழப்பமில்லை. அது எந்தப் பெயரில் போகும் என்பதில்தான் சிக்கல். தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். பின்கோடு 682005-ல் ஏற்றி 682002-ல் இறக்கும் சரக்கு கேரளத்தை விட்டு ஓர் அடிகூட வெளியே போகவில்லை. அதனால் பில் போடுகிற பையன் மத்திய ஜிஎஸ்டி 7,500, கேரள ஜிஎஸ்டி 7,500 என்று பிரித்துப் போட்டுவிடுகிறான். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அது தவறு.

2017-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தில் 10-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சரக்கு எங்கே போய் நிற்கிறதோ அதுவே வழங்கல் நடந்த இடம் என்பது பொது விதி. அந்த இடமும் விற்பவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் வரி இரண்டாகப் பிரியும். வெவ்வேறு மாநிலம் என்றால் முழுவதும் ஐஜிஎஸ்டி. ஆனால் ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் சரக்கு இறக்கப்பட்டால், சொன்னவரே சரக்கைப் பெற்றதாகச் சட்டம் கொள்கிறது. அவருடைய முதன்மைத் தொழிலிடம்தான் வழங்கல் இடம். நம் கதையில் சொன்னவர் விருதுநகர்க்காரர். எனவே பத்து மூட்டையும் தமிழ்நாட்டுக்குப் போனதாகவே கணக்கு. 15,000 ரூபாயும் ஐஜிஎஸ்டி. பிறகு விருதுநகர்க்காரர் மட்டாஞ்சேரி மசாலாக்காரருக்குத் தனியாக ஒரு பில் போடுவார். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு என்பதால் அதிலும் ஐஜிஎஸ்டிதான் வரும்.

பையன் பிரித்துப் போட்ட பில் எங்கே இடிக்கும்? அடுத்த மாதம் 14-ஆம் தேதிவாக்கில் விருதுநகர்க்காரரின் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வரும். அதில் இந்த பில் இருக்கும். ஆனால் இன்புட் கிடைக்காத வரிசையில் இருக்கும். விற்றவர் கேரளம், வழங்கல் இடமும் கேரளம், வாங்கியவர் மட்டும் தமிழ்நாடு என்றால் அந்த வரியை வாங்கியவர் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. 15,000 ரூபாய் கைநஷ்டம் என்றால் மண்டிக்காரர் சும்மா இருப்பாரா? தோப்பும்படிக்கு அன்றைக்கே போன் வந்துவிடும். அதன் பிறகு விற்றவர் ஐஜிஎஸ்டியாக 15,000-ஐப் புதிதாகக் கட்டி, முதலில் கட்டியதைத் திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. புதிதாகக் கட்டும் வரிக்கு வட்டியும் கேட்பதில்லை. ஆனால் திருப்பி வரும்வரை அவ்வளவு பணமும் முடங்கிக் கிடக்கும்.

இப்போது இதே வியாபாரியின் இன்னொரு ஆர்டரைப் பார்ப்போம். அவர் இணையத்திலும் சில்லறையாக மசாலா விற்கிறார். தோப்பும்படிப் பெண் ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு கிலோ மிளகும் கொஞ்சம் ஏலக்காயும் அனுப்பச் சொல்லி ஆர்டர் போடுகிறார். பில் முகவரி வேளச்சேரி, டெலிவரி முகவரி தோப்பும்படி. அவருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. மிளகு ஆர்டரில் பாடம் கற்ற பையன் இங்கே ஐஜிஎஸ்டி போடுகிறான். இதுவும் தவறாகிவிடுகிறது!

பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு விதி வேறு. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, அவர்களுக்கான விற்பனையில் பில்லில் பதிவாகும் முகவரியே வழங்கல் இடம். அந்த முகவரி எது, பில் முகவரியா டெலிவரி முகவரியா என்ற சந்தேகம் உடனே எழுந்தது. மத்திய மறைமுக வரி வாரியம் 2024 ஜூன் 26-ஆம் தேதி 209-ஆம் எண் சுற்றறிக்கையில் விடை சொன்னது. இணையவழி ஆர்டரில் இரண்டும் வேறுபட்டால் டெலிவரி முகவரிதான் வழங்கல் இடம். விற்பவர் அதையே வாங்கியவரின் முகவரியாக பில்லில் போட்டுக்கொள்ளலாம். ஆக வேளச்சேரியை இந்தக் கணக்கு பொருட்படுத்துவதில்லை. தோப்பும்படியில் விற்றுத் தோப்பும்படியில் இறங்கிய சரக்கு என்பதால் வரி இரண்டாகப் பிரிய வேண்டும்.

இரண்டு ஆர்டர்களிலும் வண்டி கொச்சியை விட்டு வெளியே போகவில்லை. இரண்டிலும் பணம் கொடுப்பவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். ஒன்றில் பில் முகவரி ஜெயிக்கிறது, மற்றதில் டெலிவரி முகவரி ஜெயிக்கிறது. வாங்கியவரிடம் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, சரக்கு இறங்கும் இடம் அவருடையதா வேறொருவருடையதா என்ற இரண்டு கேள்விகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 'பில் முகவரி', 'டெலிவரி முகவரி' என்று இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருளால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

கேட்கக்கூடியதாக எப்படி அமைப்பது? முதலில், வாடிக்கையாளர் ஒரு பதிவு, முகவரி வேறு பதிவு. ஒருவருக்கு எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேரலாம். ஒவ்வொரு முகவரியோடும் அங்கே சரக்கு வாங்குபவரின் பெயர், போன் எண், பின்கோடு, மாநிலம், அந்த இடத்துக்குரிய ஜிஎஸ்டி எண் ஆகியவை இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை வாடிக்கையாளரின் பெயரோடு ஒட்டவைப்பதுதான் பலரும் செய்வது. அது ஒரு மாநிலத்தோடு நிற்கும் பார்ட்டிக்குச் சரிவரும். அதே விருதுநகர்க்காரர் நாளைக்குக் கொச்சியில் ஒரு கிளை போட்டால், அந்தக் கிளைக்குத் தனி ஜிஎஸ்டி எண் வந்துவிடும். சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும்; கேரள எண் 32-இல் தொடங்கும்; இடையிலுள்ள பத்து எழுத்தும் ஒரே பான் எண்தான். கிளைக்கு பில் போட்டால் வரி பிரியும், தலைமையிடத்துக்குப் போட்டால் பிரியாது. எண் மாறிப்போனால் இன்புட் இன்னொரு மாநிலக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது கிரெடிட் நோட் போட்டு, புது பில் எழுத வேண்டிவரும்.

மட்டாஞ்சேரி மசாலாக்காரரின் முகவரியும் விருதுநகர்க்காரரின் கணக்கிலேயே ஏறும். ஆனால் அது மூன்றாம் ஆளின் இடம், டெலிவரிக்கு மட்டும் என்ற குறிப்போடு ஏற வேண்டும். பில் முகவரிப் பட்டியலில் அது தலைகாட்டவே கூடாது. டாலி பயன்படுத்துகிறவர்கள் பில் போடும்போது `Consignee` என்றும் `Buyer` என்றும் இரண்டு பகுதிகள் வருவதைப் பார்த்திருப்பார்கள். பலர் எண்டரைத் தட்டிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டிலும் ஒரே முகவரி ஏறிவிடுகிறது. மேலே சொன்ன தவறுகளில் பாதி அந்த எண்டரில் பிறப்பவை என்றே தோன்றுகிறது.

மாநிலத்தைத் தனியாகப் பதிவதற்குக் காரணம் இருக்கிறது. பின்கோடு போட்டால் மாநிலம் தானாக வரட்டும் என்று எளிதாக வைத்துவிடலாம். கொச்சியில் கடை வைத்திருப்பவர் அதை நம்பினால் மோசம் போவார். தோப்பும்படி 682005, கவரத்தி 682555. முதல் மூன்று இலக்கமும் ஒன்றுதான், ஆனால் கவரத்தி லட்சத்தீவு. அதன் ஜிஎஸ்டி குறியீடு 31. கொச்சியிலிருந்து கப்பலேறும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி போட வேண்டும். வடக்கே போனால் மாஹே. அதன் பின்கோடு 673310, கேரள வரிசையைச் சேர்ந்தது. ஆனால் ஊர் புதுச்சேரிக்குச் சொந்தம், குறியீடு 34. காரைக்காலும் தமிழ்நாட்டு வரிசையில் இப்படியே கலந்து நிற்கிறது. ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கத்தை நம்பலாம். எண் இல்லாதவரிடம் மாநிலத்தைக் கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி. பின்கோடு சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் ஓர் எச்சரிக்கை வரட்டும். மென்பொருளே அதை மாற்றிவிடக் கூடாது.

அடுத்தது, ஆர்டர் உறுதியான பிறகு நடக்க வேண்டியது. பல மென்பொருள்களில் ஆர்டரில் 'இந்தப் பார்ட்டியின் 3-ஆம் முகவரி' என்ற சுட்டு மட்டும் இருக்கும். மசாலாக்காரர் மட்டாஞ்சேரியிலிருந்து பள்ளுருத்திக்கு இடம் மாறுகிறார். பையன் 3-ஆம் முகவரியைத் திறந்து திருத்துகிறான். அந்த நொடியிலேயே பழைய பில்கள் எல்லாம், மறுபடி அச்சடித்தால், பள்ளுருத்தி என்று காட்டும். அன்றைக்கு எடுத்த இ-வே பில்லில் மட்டாஞ்சேரி, கையிலிருக்கும் நகலில் பள்ளுருத்தி என்றால், தணிக்கைக்கு வருபவர் எதை நம்புவார்?

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அத்தனை காலமும் பில் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும் என்றால், ஆர்டர் உறுதியாகும் கணத்தில் இரண்டு முகவரிகளையும் ஜிஎஸ்டி எண்ணையும் வழங்கல் இடத்தையும் எழுத்துக்கு எழுத்து ஆர்டருக்குள் பிரதியெடுத்துவிட வேண்டும். மெஜென்டோ என்ற இணையக் கடை மென்பொருள் இதை அப்படியே செய்கிறது. வாடிக்கையாளரின் முகவரிகள் `customer_address_entity` அட்டவணையில் இருக்கின்றன. ஆர்டரின் முகவரிகள் `sales_order_address` என்ற தனி அட்டவணையில் பிரதியாக நிற்கின்றன. வாடிக்கையாளர் தன் முகவரியைத் திருத்தினாலும் அழித்தாலும் ஆர்டரில் எதுவும் அசையாது. முகவரி மாறியவரின் பதிவைத் திருத்தாமல், பழையதை 'பயன்பாட்டில் இல்லை' என்று மூடிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது அதைவிடச் சுத்தமான பழக்கம்.

எந்த முகவரி முதலில் வந்து நிற்க வேண்டும் என்பதையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். 'கடைசியாகப் பயன்படுத்தியது' என்று வைத்திருப்பவர்கள் உண்டு. விருதுநகர்க்காரர் ஒரே ஒரு முறை மட்டாஞ்சேரிக்கு அனுப்பச் சொன்னார் என்பதற்காக அடுத்த ஆர்டரும் அங்கேயே போய் இறங்கினால் என்ன ஆகும்? பில் முகவரிக்கு மாறாத ஒன்றை முன்னிறுத்தலாம். டெலிவரி முகவரியை, ஒன்றுக்கு மேல் இருக்கும் பார்ட்டிக்கு, காலியாகவே விட்டு ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கச் செய்வது நல்லது. ஒரு நாளைக்கு ஐம்பது பில் போடும் கடையில் இது எரிச்சலூட்டும். அப்படிப்பட்ட கடை, மூன்றாம் ஆளின் முகவரிகளுக்காவது இந்தக் கட்டாயத்தை வைக்கலாம்.

உறுதிசெய்யும் முன் திரையில் வர வேண்டியது நான்கே வரிகள். "பில்: விருதுநகர், தமிழ்நாடு. இறக்கம்: மட்டாஞ்சேரி, கேரளம், மூன்றாம் ஆள் இடம். வழங்கல் இடம்: தமிழ்நாடு. வரி: ஐஜிஎஸ்டி 15,000." 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்பதால் இ-வே பில் எடுக்க வேண்டும். அதில் 'பில் ஒருவருக்கு, சரக்கு இன்னொருவருக்கு' என்ற பரிமாற்ற வகையைத் தேர்ந்தெடுத்து, இந்த வரிகளில் உள்ள இரண்டு முகவரிகளையும் அப்படியே ஏற்ற வேண்டும். தூரத்தை இ-வே பில் தளம் பின்கோடுகளை வைத்துக் கணக்கிடும். அது சில கிலோமீட்டர் என்று காட்டாமல் நூற்றுக்கணக்கில் காட்டினால், டெலிவரி இடத்தில் விருதுநகர் முகவரி ஏறிவிட்டது என்று பொருள். வண்டி புறப்படும் முன்பே அதைப் பிடித்துவிடலாம்.