அபோட்டாபாத்தில் போட்ட ஊசி

2011 மார்ச் மாதம். பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில், ஏழைக் குடும்பங்கள் அதிகம் வாழும் நவா ஷேர் பகுதியில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் ஒன்று தொடங்கியது. ஊசி இலவசம். நடத்தியவர் ஷகீல் அஃப்ரிதி என்ற அரசு மருத்துவர். இந்த ஊசியை மூன்று தவணையாகப் போட வேண்டும். முதல் தவணைக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது. ஆனால் அந்த ஒரு மாதம் முடிந்தபோது ஊசி போட்டவர்கள் நவா ஷேருக்குத் திரும்பி வரவில்லை. பிலால் டவுன் என்ற வசதியான பகுதிக்குப் போய்விட்டார்கள்.

முகாமுக்குப் பின்னால் இருந்தது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. பிலால் டவுனில் உயரமான மதில் சூழ்ந்த ஒரு வீட்டில் ஒசாமா பின்லேடன் ஒளிந்திருப்பதாக அது சந்தேகித்தது. ஊசி போடும் சாக்கில் அந்த வீட்டுக் குழந்தைகளின் மரபணு மாதிரியை எடுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது திட்டம். மாதிரி கிடைத்ததாகத் தகவல் இல்லை. மே 2ஆம் தேதி அமெரிக்கப் படையினர் அந்த வீட்டுக்குள் புகுந்து பின்லேடனைக் கொன்றனர். ஜூலையில் பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் தடுப்பூசி நாடகத்தை அம்பலப்படுத்தியது.

அறவியலில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு வழக்குக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் விளைவை வைத்துத்தான் சொல்ல முடியும், அந்தச் செயலால் எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு நன்மை கிடைக்கிறது என்பதுதான் அளவுகோல் என்று சொல்வது பயன்வாதம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் இதை ஒரு முழுக் கொள்கையாக வளர்த்தார்; ஜான் ஸ்டூவர்ட் மில் செம்மைப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் இது இரண்டாகப் பிரிந்தது. செயல் பயன்வாதிகள் ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எடைபோடுகிறார்கள்: இந்த இடத்தில், இந்த நேரத்தில், எதைச் செய்தால் நன்மை அதிகம்? விதிப் பயன்வாதிகளின் கேள்வி வேறு: இப்படிப்பட்ட சூழல்களில் எல்லோரும் எந்தப் பொது விதியைப் பின்பற்றினால் நன்மை அதிகம்? அந்த விதியைக் கண்டுபிடித்தபின் செயலை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இந்த இரு பெயர்களையும் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் பிராண்ட், ஆண்டு 1959.

இரு தரப்புக்கும் இலக்கு ஒன்றுதான், மக்களின் நல்வாழ்வு. இதை மறந்துவிட்டு விதிப் பயன்வாதியை ஒரு பழமைவாதியாகப் பார்ப்பது தவறு. விதி புனிதமானது என்று அவர் சொல்லவில்லை. விதியைப் பிடித்துக்கொண்டால் கடைசியில் நன்மை கூடுதலாகக் கிடைக்கும் என்றுதான் சொல்கிறார்.

இப்போது சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவரின் மேசைக்கு வருவோம். செயல் பயன்வாதத்தை அவர் நேர்மையாகவே கடைப்பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரவுப் பக்கத்தில், ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஒருவர் பிடிபடுவதும் இன்னொரு தாக்குதல் தடுக்கப்படுவதும். தவறான வீட்டுக்குள் படையை அனுப்பி அப்பாவிகளைக் கொல்லும் ஆபத்து குறைவதும் அந்தப் பக்கம்தான். செலவுப் பக்கத்தில் சில பணியாளர்களின் சம்பளம், சில குழந்தைகளுக்கு விட்டுப்போகும் அடுத்த தவணை. ஊசி அசல் என்பதால் உடலுக்குக் கெடுதல் இல்லை. விஷயம் வெளியே தெரியாதவரை வரவுதான் மேலோங்கி நிற்கிறது.

‘வெளியே தெரியாதவரை’ என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் மொத்தக் கணக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுப்பவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். தோளில் குளிர்பெட்டி. கதவைத் தட்டி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டு, வாயில் இரண்டு சொட்டு விட்டு, விரல் நகத்தில் மையால் அடையாளமிட்டு, சுவரிலோ கதவிலோ சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கதவைத் திறக்கும் தாய்க்கு அந்தப் பெண்ணை யாரென்று தெரியாது. புட்டியில் இருப்பது என்ன என்று சோதிக்கவும் முடியாது. அவர் பிள்ளையை நீட்டுவதற்கு ஒரே காரணம், சொட்டு மருந்தோடு வருகிறவர்கள் அதற்காக மட்டுமே வருவார்கள் என்ற பொதுவான நம்பிக்கை. சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. தடுப்பூசி வெளிநாட்டுச் சதி என்று தீவிரவாதக் குழுக்கள் பல ஆண்டுகளாகப் பரப்பிவந்தன. 2011 ஜூலையில் அந்தப் புரளிக்கு உண்மையான ஒரு சான்று கையில் கிடைத்தது.

அதன்பின் நடந்தவை பதிவில் உள்ளன. 2012 ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானில் தாலிபான் தளபதி ஒருவர் போலியோ மருந்துக்குத் தடை விதித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் போலியோ பணியாளர்கள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2012இல் 58ஆக இருந்த பாகிஸ்தானின் போலியோ நோயாளிகள் எண்ணிக்கை 2014இல் 306ஆக உயர்ந்தது. அதே 2014இல்தான் இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது.

எல்லாப் பழியையும் அந்த ஒரு முகாமின் மேல் போடுவது நியாயம் ஆகாது. தாலிபான் தளபதி தன் தடைக்குச் சொன்ன முதன்மைக் காரணம் அமெரிக்காவின் ட்ரோன் தாக்குதல். ராணுவ நடவடிக்கைகளால் மக்கள் இடம்பெயர்ந்ததும் நோயைப் பரப்பியது. அப்படியானால் பொய்யின் பங்கு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோனிகா மார்ட்டினெஸ்-பிராவோ, ஆண்ட்ரியாஸ் ஸ்டெக்மன் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். செய்தி வெளிவருமுன் பிறந்த குழந்தைகளையும் பின்னால் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அந்த வித்தியாசம் மாவட்டத்துக்கு மாவட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். மதவாதக் கட்சிகளுக்கு ஆதரவு கூடுதலாக இருந்த மாவட்டங்களில், அதாவது தாலிபானின் பிரசாரம் எடுபடக்கூடிய இடங்களில், தடுப்பூசி விகிதம் மற்ற இடங்களைவிட வெகுவாகச் சரிந்திருந்தது. 2022இல் வெளியான அவர்களின் ஆய்வு இந்தச் சரிவை 23 முதல் 39 சதவீதம் என மதிப்பிட்டது. போலியோவுக்கு மட்டும் அல்ல, தட்டம்மை ஊசிக்கும் இதே நிலை. பொய் சொன்னது ஹெபடைடிஸ் ஊசியை வைத்து. நம்பிக்கை போனது எல்லா ஊசியின் மேலும்.

செயல் பயன்வாதி இங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார், அது வலுவான பதில். “அதிகாரி கணக்கைத் தப்பாகப் போட்டார், அவ்வளவுதான். அம்பலமாகும் வாய்ப்பையும் அதன் சேதத்தையும் சேர்த்திருந்தால் என் கொள்கையே ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கும். தப்பு கணக்குப் போட்டவரிடம், கொள்கையில் இல்லை.”

கேள்வி, அந்தக் கணக்கைச் சரியாகப் போடக்கூடியவர் யார் என்பதுதான். போடுபவருக்கு அவசரம். தன் திட்டம் வெற்றிபெற வேண்டும் என்ற ஆவல். ரகசியம் என்பதால் பொதுச் சுகாதார நிபுணரைக் கூப்பிட்டுக் கலந்து பேச முடியாது. பலன் அவருடைய நாட்டுக்குப் போகிறது. சேதம் வேறொரு நாட்டின், அவர் பார்த்தே இராத பிள்ளைகளின் தலையில் விழுகிறது. இந்த நிலையில் உள்ள மனிதர்கள் ஒவ்வொரு முறையும் தாமாகவே எடைபோட்டால், தவறுகள் ஒரே பக்கமாகவே சாயும். மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ‘மருத்துவப் பணியை வேவு பார்க்கப் பயன்படுத்தாதே’ என்ற விதியே அதிக உயிரைக் காக்கும் என்பது விதிப் பயன்வாதியின் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. விதியால் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி, விதி மீறப்படாது என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதிலிருந்தே வருகிறது. கதவைத் திறக்கும் தாயால் எந்த அதிகாரியின் கணக்கையும் பார்க்க முடியாது. விதியை மட்டும்தான் நம்ப முடியும்.

ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1956இல் இதற்கு நேரடியாகச் சவால் விட்டார். விதியை உடைத்தால்தான் நன்மை என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலும் விதியையே பிடித்துக்கொண்டிருந்தால், அது நல்வாழ்வின்மேல் உள்ள அக்கறை ஆகுமா? விதி வழிபாடு அல்லவா? இந்தச் சவாலை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2008 ஜூலையில் கொலம்பிய ராணுவம், தொண்டு நிறுவனத்தாரைப் போல வேடமிட்டு, பார்க் கொரில்லாக்களிடமிருந்து இங்க்ரிட் பெத்தன்கூர் உள்பட 15 பிணைக்கைதிகளை ஒரு தோட்டாவும் சுடாமல் மீட்டது. அவர்களில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னத்தை அணிந்திருந்தார். போர்ச் சட்டங்கள் இதை அனுமதிப்பதில்லை. பல ஆண்டுகள் காட்டில் அடைபட்டுக் கிடந்த 15 பேர் வீடு திரும்பினார்கள். அதைத் தவறு என்று அவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் அதிபர் உரிபே செஞ்சிலுவைச் சங்கத்திடம் வருத்தம் தெரிவித்தார். அந்தச் சின்னத்தோடு நாளை காட்டுக்குள் போகப்போகிற உண்மையான செவிலியரும் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

சரி, விதியிலேயே விலக்கைச் சேர்த்துவிட்டால்? ‘பெரிய நன்மை கிடைக்குமானால் தவிர, தடுப்பூசியை வேவுக்குப் பயன்படுத்தாதே.’ இப்படி ஒவ்வொரு சூழலுக்கும் விலக்கு சேர்த்துக்கொண்டே போனால், விதிப் பயன்வாதம் செயல் பயன்வாதமாகவே கரைந்துவிடும் என்று டேவிட் லயன்ஸ் 1965இல் வாதிட்டார். ஆனால் விதி என்பது ஊரறிய இருப்பது. அந்த விலக்கைத் தெரிந்துகொண்ட எந்தத் தாயும் கதவைத் திறக்க யோசிப்பாள். விலக்கை எழுதிய நொடியிலேயே விதியின் பயன் வடிந்துபோகிறது. விலக்கை ரகசியமாக வைத்துக்கொள்ளலாமே என்றால், 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி சிட்ஜ்விக் அதற்கும் இடம் கொடுத்தார்: வெளிப்படையாகச் செய்தால் தவறாகும் ஒன்று, ரகசியமாகச் செய்தால் சரியாகலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். அபோட்டாபாத்தில் நடந்தது அதேதான். அந்த ரகசியம் சில மாதங்களே தாங்கியது.

இன்றைய விதிப் பயன்வாதிகளில் முக்கியமானவரான பிராட் ஹூக்கர், பேரழிவைத் தடுக்க வேண்டிய கட்டத்தில் விதியை மீறலாம் என்று ஒரு வாசலை விட்டுவைக்கிறார். அது நியாயமானதே. ஆனால் எது பேரழிவு என்று தீர்மானிப்பவர் அதே அவசரத்தில், அதே மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான். இந்தக் கொள்கையின் பலவீனமான மூட்டு இது. யாரும் இதை முழுமையாகச் சரிசெய்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

2013 ஜனவரியில் அமெரிக்காவின் 12 பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் அதிபர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதி இந்த முகாமைக் கண்டித்தார்கள். 2014 மே மாதம் வெள்ளை மாளிகையிலிருந்து பதில் வந்தது: தடுப்பூசித் திட்டங்களையோ அதன் பணியாளர்களையோ சி.ஐ.ஏ. இனி உளவுக்குப் பயன்படுத்தாது. அத்தகைய திட்டங்களில் கிடைக்கும் மரபணு மாதிரிகளையும் தொடாது. உலகின் எந்த மூலைக்கும் எந்த நாட்டவருக்கும் இது பொருந்தும். ‘மிக அவசியமானால் தவிர’ என்ற சொற்கள் அதில் இல்லை. அதே நேரம் அது ஓர் அமைப்பின் கொள்கை முடிவு மட்டுமே, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. அடுத்து வரும் இயக்குநர் அதை மாற்ற நினைத்தால், யாருக்கும் சொல்லாமலே மாற்றிவிட முடியும்.