மாவுக் கடையின் கணக்கு, ஒரே ஸ்லைடில்

தெருமுனையில் இட்லி மாவு அரைத்து விற்பவர் முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை எப்படி ஓடுகிறது என்று மேலாளருக்கு ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒரு ஸ்லைடில் நான்கு கட்டங்கள் போதும்: வாடிக்கையாளர், அவர்களுக்கு என்ன பயன், வரவு, செலவு.

முதல் கட்டத்தில் 'ஏரியாவாசிகள் எல்லோரும்' என்று எழுதினால் அது வீண். இந்தக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு கிலோ பாக்கெட் வாங்குகிறவர்கள் ஒரு வகை, விடியற்காலையில் மொத்தமாக எடுக்கும் டிபன் கடைகள் இன்னொரு வகை. இருவருக்கும் பயன் வேறு. வீட்டுக்காரருக்கு ஊறவைத்து அரைக்கும் வேலை மிச்சம். டிபன் கடைக்கோ, ஐந்து மணிக்குள் பதமாகப் புளித்த மாவு தவறாமல் வந்துவிட வேண்டும். 'தரமான மாவு' என்று பொதுவாக எழுதினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

வரவையும் செலவையும் ஒரே அளவில், அதாவது ஒரு நாளைக்கு என்று எழுதுங்கள். ஓர் உதாரணக் கணக்கு: இட்லி அரிசி கிலோ 40 ரூபாய், உளுந்து 120 ரூபாய். நாலு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து போட்டு அரைத்தால் சுமார் 12 கிலோ மாவு வரும். உப்பு, வெந்தயம், கவர் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 26 ரூபாய் அடக்கம். பாக்கெட்டை 40-க்கு விற்றால் 14 ரூபாய் நிற்கும். டிபன் கடைக்குக் கவர் இல்லாததால் அடக்கம் 25. விலை 33 என்றால் நிற்பது 8 ரூபாய்தான்.

தினமும் 70 பாக்கெட்டும் டிபன் கடைகளுக்கு 30 கிலோவும் போனால் 980-உம் 240-உம் சேர்த்து 1,220 ரூபாய். வாடகை, கரண்ட் பில், ஒரு ஆள் கூலி மாதம் 24,000, நாளைக்கு 800. கையில் நிற்பது 420 ரூபாய்.

பலர் ஸ்லைடை இதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் விற்காமல் மீந்த மாவு மறுநாள் புளித்துப்போகும், அதுவும் வெயில் காலத்தில் சீக்கிரமே. 70 பாக்கெட் விற்க 80 பாக்கெட்டுக்கு அரைத்திருந்தால், மீந்த பத்துக்கும் சேர்த்து 260 ரூபாய் போச்சு. அப்புறம் நிற்பது 160 ரூபாய், மாதத்துக்கு 4,800. கடைக்காரர் விடியற்காலையிலிருந்து உழைத்ததற்கான கூலியும் அதற்குள்தான் அடக்கம்.

எனவே செலவுக் கட்டத்தில் 'மீந்த மாவு', 'என் கூலி' என்று இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும். ஒரு வாரம் தினமும் இரவு கடை சாத்தும்போது எத்தனை பாக்கெட் மீந்தது என்று நோட்டில் குறித்துவைத்து, அந்தச் சராசரியை எழுதுங்கள். கடன் வாங்கி இன்னொரு கிரைண்டர் போடலாமா, முதலில் அரைக்கும் அளவைக் குறைக்கலாமா என்பதை அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.