கொதித்த தண்ணீர் எத்தனை டிகிரியில் தூளைத் தொடுகிறது?

காகித வடிகட்டியில் தூளைப் போட்டு, கையால் வெந்நீரை மெல்ல ஊற்றி இறக்கும் போர்-ஓவர் காபிக்குத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சூடு குறைந்தால் சாரம் சரியாக இறங்காது; காபி நீர்த்துப்போய் புளிப்பு தூக்கலாகத் தெரியும். கருக வறுத்த தூளில் சூடு மிஞ்சினால் கசப்பு ஏறும். ‘கொதித்ததும் 30 விநாடி பொறுத்து ஊற்று’ என்று பலர் சொல்வார்கள். ஆனால் அந்த 30 விநாடியில் எத்தனை டிகிரி இறங்கும் என்பது பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும்.

பெரிய இழப்பு காத்திருப்பதில் இல்லை, பாத்திரம் மாற்றுவதில் இருக்கிறது. 98 டிகிரியில் உள்ள அரை லிட்டர் தண்ணீரை, 400 கிராம் எடையுள்ள எவர்சில்வர் கெட்டிலில் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். கெட்டில் 30 டிகிரியில் இருக்கிறது. அந்த உலோகம் சூடேற, ஏறக்குறைய 48 கிராம் தண்ணீர் சூடேறத் தேவைப்படும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் ஊற்றிய தண்ணீரிலிருந்துதான் போகும். கணக்குப் போட்டால் தண்ணீர் 92 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊற்றும்போது ஆவியாகப் போவது தனி. கெட்டிலை முன்பே கொஞ்சம் வெந்நீரால் அலசிக் கொட்டிவிட்டால் இந்த இழப்பு பெருமளவு குறையும்.

அதன் பிறகு சூட்டைக் கொண்டுபோவது ஆவிதான். வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்த அரை லிட்டர் வெந்நீர், நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடி போட்டால் சுமார் ஒரு டிகிரிதான். தண்ணீர் அதிகமாக இருந்தால் ஆறுவதும் மெதுவாக நடக்கும். ஊற்ற ஊற்ற கெட்டிலில் தண்ணீர் குறைவதால், கடைசிப் பங்கு வேகமாக ஆறும்.

அளப்பதற்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது நாற்பது சொச்சத்தோடு நின்றுவிடும். சமையலுக்கென்று விற்கும், நீண்ட கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். கம்பியின் முனை அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீரின் நடுவில் இருக்க வேண்டும். எண் ஓடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கருவி சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் முனையை வையுங்கள். கலக்கிவிட்டுப் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே காத்திருக்கவே வேண்டாம், கொதித்ததும் ஊற்றிவிடலாம்.

ஊற்றப்போகும் கெட்டிலில், வழக்கமான அளவு தண்ணீரோடு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடிகாரமே போதும். கெட்டிலோ தண்ணீரின் அளவோ மாறினால் மட்டும் தெர்மாமீட்டரை மறுபடி எடுங்கள்.