ஆஞ்சியோ அறிக்கையில் ரத்தக்குழாய்ப் பெயர்கள்

மகாதமனியின் தொடக்கத்திலேயே இதயத் தசைக்கான இரண்டு ரத்தக்குழாய்கள் பிரிகின்றன. இடப்பக்கக் குழாயின் குட்டையான அடிப்பகுதியை அறிக்கை LMCA என்கிறது. அது இரண்டாகக் கிளைக்கிறது: இதயத்தின் முன்புறமாக இறங்குவது LAD, இடப்புறம் சுற்றிப் பின்னால் போவது LCX. வலப்பக்கக் குழாய் RCA.

இதயத்தின் அடிப்புறத்துக்கு ரத்தம் தரும் PDA என்னும் கிளை எந்தக் குழாயிலிருந்து கிளம்புகிறதோ, அந்தப் பக்கமே ‘டாமினன்ட்’. பத்தில் சுமார் எட்டுப் பேருக்கு அது RCA. இது நோயல்ல, பிறவி அமைப்பு.

ஓர் அறிக்கையில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ‘ரைட் டாமினன்ட்; மிட் RCA 100%; டிஸ்டல் RCA-வுக்கு LAD-இலிருந்து கொலாட்டரல்’. ‘பிராக்ஸிமல்’ என்பது குழாயின் தொடக்கம், ‘மிட்’ நடு, ‘டிஸ்டல்’ கடைசி. ஆக, வலக்குழாய் நடுவில் முற்றிலும் அடைபட்டிருக்கிறது; அடைப்புக்கு அப்பால் உள்ள பகுதிக்கு LAD பக்கவழியாக ரத்தம் தருகிறது.

கொலாட்டரல் என்பது குழாய்களை இணைக்கும் நுண்ணிய பக்கவழி. அடைப்பு மெல்ல வளர்ந்தால் அது விரிந்து கொடுக்கும். திடீரென ரத்தம் உறைந்து அடைத்தால் பெரும்பாலும் அதற்கு அவகாசம் இருக்காது. ஓய்வில் போதுமான இந்த ரத்தம், மாடிப்படி ஏறும்போது போதாமல் நெஞ்சுவலி வரலாம். மேற்கண்ட அறிக்கையில் LAD இரு பகுதிகளுக்கு ரத்தம் தருவதால், அதிலும் அடைப்பு வந்தால் இரண்டுமே பாதிக்கப்படும்.