மரை இறுகினால் பைப்பை முறுக்காதீர்கள்

மொட்டை மாடிச் சுவரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பு. அதன் நுனியில் ஒரு எல்போ, எல்போவில் துணி துவைக்க ஒரு குழாய். வீடு கட்டி இருபது, இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. இப்போது எல்போவில் மயிரிழை விரிசல் விட்டுத் தண்ணீர் சொட்டுகிறது. புது எல்போவுக்கு ஆகும் செலவு பெரிதில்லை. பழையதைக் கழற்றும்போது பைப்பு முறிந்தாலோ, சுவருக்குள்ளேயே திரும்பிவிட்டாலோதான் வினை. சுவரை உடைக்க வேண்டும், உள்ளே இருக்கும் இணைப்பைத் தோண்டி எடுக்க வேண்டும், பிறகு பூச வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும். ஆகவே இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது எல்போவை அல்ல, பைப்பை.

பைப்பு எங்கே முறியும் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். வீட்டுக்குப் போடும் நடுத்தர ரக அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் தகடு 2.6 மில்லிமீட்டர் கனம். மரை வெட்டும்போது அதில் சுமார் 1.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுகிறது. மிச்சம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மெல்லிய ரகப் பைப்பின் தகடே 2 மில்லிமீட்டர் என்பதால் அங்கே மரையடியில் ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. போதாக்குறைக்கு, மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சும் சேர்ந்தே போய்விடுகிறது. பைப்பு முழுக்கத் துருப்பிடிக்காமல் இருந்தாலும், எல்போவின் வாயை ஒட்டித் தெரியும் இரண்டு மூன்று மரைகளில் மட்டும் துரு ஏறியிருப்பது அதனால்தான். பக்கவாட்டில் யாராவது ஓங்கி அழுத்தினால் பைப்பு ஒடிவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

அடுத்த கேள்வி, இது ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது? பைப்பின் மரை நேராக இருப்பதில்லை. 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். திருகத் திருக, மண்வெட்டிக் காம்பில் அடித்த ஆப்பு மாதிரி எல்போவுக்குள் இறுகும். மேற்கொண்டு, கசியாமல் இருக்கச் சுற்றிய சணலும் அதன்மேல் பூசிய பெயின்ட்டும் காய்ந்து கல்லாகிவிடுகின்றன. பிறகு துரு. இரும்பு துருவாக மாறும்போது இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் நடுவே அத்தனை இடம் ஏது? எனவே இரண்டையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதில் ஒரு ஆறுதல் உண்டு. ஆப்பு போன்ற பிடி என்பதால் முதல் அசைவுதான் கடினம். கால் சுற்று, அரைச் சுற்று நகர்ந்துவிட்டால் மீதி வேலை வேகமாக முடிந்துவிடும்.

ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள். எல்போவின் மேலிருந்து பைப்பின் முதுகு வழியாகச் சுவர் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். சுவரிலும் அந்தக் கோட்டுக்கு நேராக ஓர் அடையாளம் இருக்கட்டும். வேலை நடக்கும்போது எல்போவின் கோடு பைப்பின் கோட்டை விட்டு விலகினால், கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பைப்பின் கோடு சுவரின் அடையாளத்தை விட்டு விலகினால், சுவருக்குள் இருக்கும் மரைதான் திரும்புகிறது. அந்தக் கணமே நிறுத்த வேண்டும். கையில் ஏதோ அசைந்தது மட்டும்தான் தெரியும். எது அசைந்தது என்பதைக் கோடுதான் சொல்லும்.

இந்த வேலைக்கு ஒரு ரெஞ்சு போதாது, இரண்டு வேண்டும். ஒன்று பைப்பை அசையாமல் பிடிக்க, மற்றொன்று எல்போவைத் திருப்ப. 14 இஞ்ச் பைப் ரெஞ்சு இரண்டு இருந்தால் உத்தமம். பிடிக்கும் ரெஞ்சை மரைக்கு வெளியே, மரை முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டும். சுவரை ஒட்டிப் போட்டால் நடுவில் இருக்கும் பைப்பு முறுக்கேறும். மரைமேல் போட்டால் பல் பதிந்து மரை நசுங்கும். திருப்பும் ரெஞ்சை எல்போவின் வாயில் இருக்கும் தடித்த விளிம்பில் போடுங்கள். குழாயை முதலிலேயே கழற்றிவிட்டால் கைக்கு இடம் கிடைக்கும்.

பைப் ரெஞ்சு ஒரு பக்கமாக மட்டுமே கடிக்கும். வாய் திறந்திருக்கும் திசையை நோக்கி இழுத்தால் பல் இறுகும், எதிர்த்திசையில் வழுக்கும். ஆகவே இரண்டு ரெஞ்சின் வாயும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். இழுக்க இழுக்கத் தானாகவே இறுகும் இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் டேனியல் ஸ்டில்சன் 1869-இல் காப்புரிமை பெற்றார். ‘ஒன்று பைப்பு முறுகிப் போக வேண்டும், இல்லை ரெஞ்சு உடைய வேண்டும்; சோதித்துப் பார்’ என்று முதலாளி சொன்னதாகவும், பைப்பு முறுகிப் போனதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ரெஞ்சுக்கும் பைப்புக்கும் சண்டை வந்தால் தோற்பது பைப்புதான் என்பது மட்டும் நிஜம்.

சுவரைப் பார்த்து நில்லுங்கள். எல்போ கழல வேண்டிய திசை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. இரண்டு ரெஞ்சின் கைப்பிடியும் கீழே தொங்கும்படி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டுங்கள். இடப்பக்கம் இருப்பது எல்போவின் ரெஞ்சு, வலப்பக்கம் இருப்பது பைப்பின் ரெஞ்சு. இப்போது இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்குங்கள். இரு கையின் பலமும் எதிரெதிராக இருப்பதால் பைப்பை வளைக்கும் விசை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. திருப்பும் விசை மட்டும் மரையில் இறங்குகிறது. கழற்றுவதற்கு முன் ஒரு தடவை இறுக்கும் பக்கமாக லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதும் உதவும். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் லாபம்தான். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் நல்ல சகுனம். சத்தமே இல்லாமல் ரெஞ்சு ரப்பர் போலக் கொடுத்து, விட்டதும் திரும்பி வந்தால் பைப்பு முறுக்கேறுகிறது. விட்டுவிடுங்கள். கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி நெம்பும் வழக்கம் உண்டு. பழைய பைப்பில் அதை மட்டும் செய்யக் கூடாது.

அசையவில்லை என்றால் அடுத்தது சூடும் எண்ணெயும். பெரும்பாலோர் முதலில் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். துரு இளக்கும் ஸ்ப்ரே மிக மெலிதான எண்ணெய்தான், நுண்ணிய இடுக்கிலும் ஊரும். ஆனால் தண்ணீரே நுழையாதபடி சணலும் பெயின்ட்டும் வைத்து அடைத்த இணைப்பு இது. எண்ணெய்க்கு மட்டும் வழி விடுமா? வாயிலுள்ள ஓரிரு மரையோடு நின்றுவிடும். அதனால் இங்கே முதலில் சூடு, பிறகு எண்ணெய் என்ற வரிசைதான் பலன் தரும்.

சூடு காட்டுவதற்கு முன் தொட்டி வால்வை மூடி, பைப்பிலுள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். தண்ணீர் நின்றால் எத்தனை நேரம் சூடு காட்டினாலும் ஏறாது. இரு பக்கமும் அடைபட்டிருந்தால் நீராவி வெடிக்கவும் கூடும். பிறகு கேஸ் டார்ச்சின் தீயை எல்போவின் விளிம்பைச் சுற்றி ஓரிடத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். பைப்பின்மேல் தீ படக் கூடாது. பைப்புக்கு ஈரத்துணி சுற்றுவது நல்லது. காரணம், எல்போ விரிய வேண்டும், பைப்பு விரியக் கூடாது. பைப்பைவிட எல்போ 100 டிகிரி அதிகச் சூடாக இருந்தால் அதன் உள்விட்டம் சுமார் 0.025 மில்லிமீட்டர் பெருக்கும். கேட்கச் சொற்பம்தான். ஆனால் மரையின் சரிவைக் கணக்கிட்டால், எல்போவைக் கிட்டத்தட்டக் கால் சுற்றுத் தளர்த்தியதற்குச் சமம் அது.

இரண்டு மூன்று நிமிடத்தில் இணைப்பிலிருந்து புகை வரும். சணல் கருகுகிறது. புகை அடங்கியதும் தீயை எடுத்துவிடுங்கள். இரும்பு சிவக்கும் வரை போகக் கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். அதிகச் சூட்டில் எழும் அதன் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கவும் வேண்டாம், தானாக ஆறட்டும். கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எண்ணெயை இணைப்பின் வாயைச் சுற்றி விடுங்கள். சணல் கருகிய இடம் இப்போது வழி விடும். ஓர் இரவு ஊற விட்டு, நடுநடுவே எல்போவை லேசாகத் தட்டிக்கொடுங்கள். காலையில் மறுபடி இரண்டு ரெஞ்சு. பெரும்பாலும் கழன்றுவிடும். மீண்டும் சூடு காட்ட வேண்டுமென்றால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான். ஸ்ப்ரே டப்பா தீயின் பக்கமே இருக்கக் கூடாது. இந்தத் தடவை ஆற விடாமல், எல்போ சூடாக இருக்கும்போதே திருப்புங்கள்.

தீ கூடவே கூடாத இடங்களும் உண்டு. சமையல் எரிவாயு வரும் பைப்பில் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் பி.வி.சி. பைப்போ மரச்சட்டமோ இருந்தாலும் வேண்டாம். மரை இடுக்கில் சணலுக்குப் பதிலாக வெள்ளை டெஃப்லான் டேப் தெரிந்தாலும் தீ வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடேறினால் அதிலிருந்து நச்சுப் புகை வரும். இந்த இடங்களுக்கு, எரிவாயு பைப்பைத் தவிர, கொதிநீரில் நனைத்த துணியை எல்போவில் சுற்றுவதே போதுமானது.

இத்தனையும் செய்து அசையாவிட்டால் எல்போவைப் பலி கொடுங்கள். ஆக்சா பிளேடால் எல்போவின் விளிம்பை நீளவாக்கில், பைப்பின் மரை தெரியத் தொடங்கும் ஆழம் வரை அறுத்து, அந்தக் கீறலில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் எல்போ விரிந்து பிடி விட்டுவிடும். பைப்பு மரையில் பிளேடு லேசாகப் பட்டால்கூடப் புதுச் சணல் அதை அடைத்துவிடும்.

கழன்ற பிறகு மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கை நகத்தால் வருடிப் பாருங்கள். மரை கூர்மையாக இருந்தால் புது எல்போவைத் தைரியமாக மாட்டலாம். உதிர்ந்து தகடு தெரிந்தால் அந்த பைப்பு எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அப்போது சுவரை உடைப்பதை நாள் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். எல்போ போனால் கடையில் வாங்கலாம், பைப்பு திரும்பினால் கொத்தனாரைத்தான் தேட வேண்டும். எனவே சாக்பீஸ் கோடு சுவரை விட்டு விலகினால், கையில் எத்தனை பலம் மிச்சமிருந்தாலும், ரெஞ்சைக் கீழே வைத்துவிடுங்கள்.